இரட்டை நாடி: கொழுப்புக் கரைக்கும் ஊசியா, குளிரூட்டும் சிகிச்சையா?

கலியாண மாதங்கள் நெருங்கும்போது யாழ்ப்பாணத்தில் தோல் கிளினிக்குகளுக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது நாடிக்குக் கீழே தொங்கும் சதையைப் பற்றித்தான். அறுவைச் சிகிச்சை வேண்டாம், ஊசி போட்டால் கரையுமாமே, குளிர் மெஷின் வைத்தால் போய்விடுமாமே என்று கேட்பார்கள். இரண்டும் உண்மையான சிகிச்சைகள்தான். ஆனால் எல்லா இரட்டை நாடிக்கும் பொருந்தாது. அதனால் காசு கட்டுவதற்கு முன்னர், கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

படி 1: நாடிக்குக் கீழே இருப்பது என்ன?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஊசியும் குளிரும் தோலுக்கும் கழுத்துத் தசைக்கும் இடையில் இருக்கும் கொழுப்பை மட்டுமே தாக்கும். வேறு காரணம் இருந்தால் இரண்டாலும் பயன் இல்லை.

கண்ணாடிக்கு முன்னால் நேராக நில்லுங்கள். நாடிக்குக் கீழே உள்ள சதையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மெதுவாகக் கிள்ளிப் பிடியுங்கள். பிடித்தபடியே பல்லைக் கடித்து, வாயின் இரு கடைகளையும் கீழே இழுத்து, கழுத்து நரம்புகள் புடைக்கும்படி இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் விரல்களுக்கு இடையில் தடிப்பாகச் சதை நின்றால், அது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. இறுக்கியதும் விரலை விட்டு வழுகிப் போய்விட்டால் கொழுப்பு தசைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஊசியும் போகாது, குளிரும் எட்டாது.

மெல்லிய தோல் மட்டும் துணிபோல் கையில் வந்தால், பிரச்சினை கொழுப்பு அல்ல, தோல் தளர்ச்சி. வயது போனவர்களிடமும் ஒரேயடியாக எடை குறைத்தவர்களிடமும் இதைப் பார்க்கலாம். இவர்களுக்குக் கொழுப்பைக் கரைத்தால் தொங்கல் இன்னும் கூடித் தெரியும்.

அடுத்தது, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கீழுதட்டை விட நாடி நன்றாகப் பின்வாங்கி இருந்தால், கொழுப்புக் குறைவாக இருந்தாலும் இரட்டை நாடி போலத் தோன்றும். அப்படிப்பட்டவருக்கு நாடி முனையை நிரப்பி முன்னுக்குக் கொண்டுவரும் ஹையலுரோனிக் அமில ஃபில்லர் ஊசி போடுவதைப் பற்றிக் கேட்பது பொருத்தம்.

கடைசியாக, ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, நாடியைச் சற்று உயர்த்தியபடி விழுங்குங்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கினால் அது தைரொயிட் சுரப்பியாக இருக்கலாம். அழகுச் சிகிச்சையை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

நாடிப் பயிற்சி, சூயிங்கம், கழுத்துப் பட்டி பற்றி ஒரு வரி: தசையை அசைப்பதால் அதற்கு மேலிருக்கும் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. உடல் எடை கூடுதலாக இருப்பவர்களுக்கு, எடை குறையும்போது நாடியும் சேர்ந்து குறைவது உண்டு. எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அது ஒரு நிலைக்கு வரும்வரை ஊசியைத் தள்ளிப் போடுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

படி 2: ஊசி எப்படி வேலை செய்கிறது

மருந்தின் பெயர் டீஒக்சிகோலிக் அமிலம். சாப்பாட்டில் உள்ள கொழுப்பைச் செமிக்க நம் குடலில் இயற்கையாக இருக்கும் பித்த அமிலங்களில் ஒன்று. அதைக் கொழுப்புக்குள் செலுத்தினால் கொழுப்புக் கலங்களின் சுவரை உடைத்துவிடும். உடைந்ததை உடல் சில வாரங்களில் அகற்றும். அமெரிக்காவில் 2015இல் நாடிக்கொழுப்புக்கென்றே அனுமதி பெற்றது. அங்கே கைபெல்லா, கனடாவில் பெல்கைரா என்ற பெயர்களில் விற்கப்பட்டது.

முதலில் மருத்துவர் நாடிக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் குறிப்பார். ஒவ்வொரு புள்ளியிலும் 0.2 மில்லிலீற்றர் செல்லும். ஒரு தடவையில் அதிகபட்சம் 50 புள்ளிகள், அதாவது 10 மில்லிலீற்றர். தடவைகளுக்கு இடையில் ஒரு மாதமாவது விட வேண்டும், மொத்தம் ஆறு தடவைகளுக்கு மேல் இல்லை.

தாடை எலும்பின் விளிம்பை ஒட்டி, கீழுதட்டை இழுக்கும் ஒரு நரம்பு ஓடுகிறது. அதனால் விளிம்பிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை சென்ரிமீற்றர் கீழேதான் ஊசி போக வேண்டும். நரம்பில் பட்டால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணும். அனுமதிக்கு முந்திய பரிசோதனைகளில் நூற்றுக்கு நாலு பேருக்கு அப்படி நடந்தது. எல்லாருக்கும் தானாகச் சரியானது. பாதிப் பேருக்கு 44 நாள்களுக்குள் சரியாகிவிட்டது, மிக நீண்டது 298 நாள். ஊசி மிக மேலோட்டமாகத் தோலுக்குள் போனால் தோல் கருகிப் புண்ணாகும்.

பலன் எவ்வளவு? அந்தப் பரிசோதனைகளில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு, மருத்துவரும் சிகிச்சை பெற்றவரும் ஒத்துக்கொள்ளும்படி, நாடிக்கொழுப்பை மதிப்பிடும் அளவுகோலில் ஒரு படி முன்னேற்றம் இருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத ஊசி போடப்பட்டவர்களிலும் பத்துக்கு இரண்டு பேர் அப்படிச் சொன்னார்கள். இரண்டு படி முன்னேறியவர்கள் பத்துக்கு ஒருவர், இருவர்தான். விளம்பரப் படங்களில் தெரிவது பெரும்பாலும் இந்த ஒருவர், இருவர்தான்.

வீக்கம் கட்டாயம் வரும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். முதல் சில நாள்கள் நாடி முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். கண்டல், நோவு, விறைப்பு, உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படுவது எல்லாம் வழமை. விறைப்பு வாரக்கணக்கில் இருக்கலாம்.

படி 3: குளிர் எப்படி வேலை செய்கிறது

நம் உடலின் கொழுப்பு தண்ணீரை விட உயர்ந்த வெப்பநிலையிலேயே உறைந்துவிடும். தோலைச் சேதப்படுத்தாத குளிரில் கொழுப்புக் கலம் மட்டும் பாதிக்கப்படுவது இதனால்தான். ஐஸ்பழத்தை வாயில் வைத்து உறிஞ்சும் குழந்தைகளின் கன்னத்தில் கொழுப்பு வீங்கிப் பின் குறைவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அந்த அவதானத்திலிருந்துதான் ஆராய்ச்சி தொடங்கியது. குளிர் மெஷினில் நாடிக்கென்று பொருத்தும் சிறிய கிண்ணத்துக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது.

தோலில் ஜெல் பூசிய ஒரு பாதுகாப்புத் துணியை வைத்து, அதன் மேல் கிண்ணத்தைப் பொருத்துவார்கள். கிண்ணம் சதையை உள்ளே இழுத்து முக்கால் மணி நேரமளவில் குளிரூட்டும். முதல் பத்து நிமிடம் கடுக்கும், பிறகு விறைத்துவிடும். கழற்றியதும் வெண்ணெய்க் கட்டிபோல் இருக்கும் சதையை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் துணி இல்லாமல் செய்ய முயன்றால் எழுந்து வந்துவிடுங்கள். குளிரால் தோல் வெந்துபோவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பலன் இரண்டு, மூன்று மாதங்களில் தெரியும். 60 பேரில் செய்த ஆய்வொன்றில் கொழுப்புப் படலம் சராசரியாக 2 மில்லிமீற்றர் குறைந்தது. கிள்ளும்போது கொஞ்சம் மெலிந்திருக்கும், பக்கவாட்டுக் கோடு கொஞ்சம் தெளிவாகும், அவ்வளவுதான். மூன்று விரல் தடிப்புள்ள நாடி இதனால் காணாமல் போகாது.

அரிதாக ஒரு விபரீதம் நடக்கும். கொழுப்புக் குறையாமல், சில மாதங்களில் கிண்ணம் வைத்த அதே வடிவில் தடித்து வளரும். கனடாவைச் சேர்ந்த மொடல் லிண்டா எவஞ்சலிஸ்டா தனக்கு இப்படி ஆனதென்று 2021இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் பலர் அறிந்தார்கள். அது தானாகப் போகாது. எந்த அறுவையைத் தவிர்க்க வந்தோமோ அதையே செய்ய வேண்டி வரும். குளிர் பட்டால் இரத்தத்தில் புரதம் உறையும் நோய் உள்ளவர்கள், குளிரில் தோல் தடித்துச் சிவப்பவர்கள் இதற்குப் போகவே கூடாது.

படி 4: எது உங்களுக்கு?

கொழுப்பு நாடிக்குக் கீழே சிறிய வட்டமாக, கிள்ளினால் தடிப்பாக வந்தால், ஊசி நல்லது. மருத்துவர் புள்ளி புள்ளியாக வடிவமைக்கலாம். ஆனால் வீக்கமும் நோவும் கூட, தடவைகளும் கூட. கிண்ணத்துக்குள் இழுக்கக்கூடிய அளவு சதை இருந்து, வேலைக்கு லீவு போட முடியாது, ஊசிக்குப் பயம் என்றால் குளிர் பொருந்தும். என்னிடம் தனியாகக் கேட்டால், நரம்பும் தோலும் எங்கே என்று தெரிந்த மருத்துவர் கிடைத்தால் ஊசியையும், அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இரண்டையும் செய்யாமல் இருப்பதையும்தான் சொல்வேன்.

படி 5: நாளைக் கணக்குப் பார்ப்பது

ஒரு உதாரணம். கொண்டாவிலில் இருக்கும் 30 வயதுப் பெண், நல்லூர்த் திருவிழா முடிந்து வரும் ஆவணி முகூர்த்தத்தில், செப்டெம்பர் முதல் பாதியில் கலியாணம் என்று வைப்போம். கிள்ளிப் பார்த்ததில் கொழுப்பு தோலுக்கு அடியில்தான். மருத்துவர் 24 புள்ளிகள் குறிக்கிறார். 24ஐ 0.2ஆல் பெருக்கினால் 4.8 மில்லிலீற்றர். மருந்து 2 மில்லிலீற்றர் குப்பியில் வருவதால் ஒரு தடவைக்கு மூன்று குப்பி. மூன்று தடவை என்றால் ஏறக்குறைய ஒன்பது. விலையைத் தடவைக்கு என்று கேட்காமல் குப்பிக்கு என்று கேளுங்கள். அப்போதுதான் மொத்தச் செலவு முதல் நாளே தெரியும்.

முழுப் பலன் கடைசித் தடவைக்குப் பின் 12 வாரம் கழித்துத்தான் அளக்கப்படுகிறது. ஆகவே கடைசித் தடவை ஜூன் நடுப்பகுதிக்கு முன்னர் முடிய வேண்டும். பின்னோக்கி எண்ணினால் மே நடுப்பகுதி, ஏப்ரல் நடுப்பகுதி. சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு தொடங்க வேண்டும். ஆடியில் வந்து கேட்டால் காலம் போய்விட்டது. அந்த நேரத்தில் ஊசி போட்டால் வீக்கமும் கட்டிகளும்தான் கலியாணப் படத்தில் வரும்.

படி 6: போடுவதற்கு முன் கேட்க வேண்டியது

ஊசி போடுபவர் மருத்துவராக இருக்க வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவானவரா என்று அதன் இணையத்தளத்தில் பெயர் போட்டுப் பாருங்கள். குப்பியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, மருந்தின் பெயர், செறிவு, காலாவதித் திகதியை வாசியுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் அது பதிவா என்று நேரடியாகக் கேளுங்கள். பார்லரில் பெயர் சொல்லாமல் காட்டும் “கொழுப்புக் கரைக்கும் ஊசி”யும், இணையத்தில் வாங்கி உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் குப்பியும் வேண்டவே வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் அனுமதியில்லாத இத்தகைய ஊசிகளால் தொற்று, நிரந்தரத் தழும்பு, தோல் குழிவு வந்ததாக எச்சரித்திருக்கிறது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப் போடுங்கள். அஸ்பிரின் அல்லது இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு: சிரிப்பு கோணினால், சாப்பாடு விழுங்கக் கஷ்டமாக இருந்தால், போட்டவருக்கு அன்றே சொல்லுங்கள். தோல் வெளுத்தோ கறுத்தோ கொப்புளித்தாலும், நாளுக்கு நாள் நோவும் சூடும் கூடினாலும் மறுநாள்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டம் என்றால் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்து நேரம் போக்காமல் யாழ் போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போங்கள். போட்ட மருந்தின் பெயரைக் குறித்த துண்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.