நீதிபதி என்றால் ஆண் முகமா? உருவாக்கப்படும் படங்களில் முன்முடிவும், அதைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

சொற்களைக் கொண்டு படம் உருவாக்கும் கருவியிடம் ‘நீதிபதி’ என்று மட்டும் கேட்டால், என்ன பாலினம், என்ன நிறம் என்பதை நாம் சொல்லாமல் விட்டாலும் கருவி ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். அந்தத் தேர்வு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை 2023-இல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற அத்தகைய கருவியைக் கொண்டு சோதித்தது. உயர்ந்த சம்பளமும் குறைந்த சம்பளமும் தரும் 14 தொழில்களை எடுத்துக்கொண்டு, தொழில் ஒன்றுக்கு 300 படங்கள் வீதம் உருவாக்கி எண்ணினார்கள். அமெரிக்க நீதிபதிகளில் ஏறத்தாழ 34 சதவீதம் பேர் பெண்கள். உருவான நீதிபதி படங்களிலோ அவர்கள் 3 சதவீதம்தான். விரைவு உணவகப் பணியாளர் படங்களில் 70 சதவீதம் கரிய நிறத்தவர்களைக் காட்டின. அந்த வேலையில் இருக்கும் அமெரிக்கர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் வெள்ளையர்கள்.

இந்த எண்களைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் தவறு, “உலகம் எப்படியோ கருவியும் அப்படியே” என்று சொல்லிக் கடந்துவிடுவது. கண்ணாடியாக இருந்திருந்தால் 34 என்பது 34-ஆகவே தெரிந்திருக்கும். அது 3-ஆகச் சுருங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இணையத்தில் திரட்டப்பட்ட படங்களிலும் அவற்றின் குறிப்புகளிலும் ‘நீதிபதி’ என்ற சொல்லோடு ஆண் முகங்களே பெருமளவில் ஒட்டியிருப்பது முதற் காரணம். இரண்டாவது, கருவி வேலை செய்யும் விதம். இத்தகைய கருவிகள் பலவும் படத்தைப் படிப்படியாகத் தெளிவாக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், கொடுத்த சொற்களோடு ஒரு மதிப்பீடும் சொற்களே இல்லாமல் ஒரு மதிப்பீடும் செய்து, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வேண்டுமென்றே பெரிதாக்குகின்றன. `guidance_scale` என்ற அமைப்பு அந்தப் பெருக்கத்தின் அளவுதான். அது உயர உயர, படம் கேட்ட சொல்லுக்கு நெருக்கமாக வரும். கூடவே ‘நீதிபதித்தன்மை’ மிகுந்த முகத்தை நோக்கி எல்லாப் படங்களும் ஒதுங்கி, வகை குறையும். அதைக் குறைத்தால் வகை சற்றுக் கூடும் என்றாலும், படம் குழம்பத் தொடங்குவதோடு பயிற்சிப் படங்களின் சாய்வும் அப்படியே நிற்கும். ஆகவே இதை மட்டும் நம்பிப் பயனில்லை.

நான்கு படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அடுத்த தவறு. ஒரு கருவி உண்மையாகவே 34 சதவீதம் பெண்களைக் காட்டக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அது தரும் நான்கு படங்களும் ஆண்களாகவே அமைய, 0.66-ஐ நான்கு முறை பெருக்கினால் வரும் 0.19 அளவுக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இருபது படங்களும் ஆண்களாகவே வந்தால்தான், பெண்களின் பங்கு 15 சதவீதத்தைத் தாண்டாது என்று ஓரளவு உறுதியோடு சொல்ல முடியும். நான்கு படங்களில் ஒரு பெண் வந்துவிட்டதால் கருவி நடுநிலையானது என்று சொல்வதும் இதே பிழைதான்.

இனி திருத்த முயல்வோர் சறுக்கும் இடங்கள். ‘பன்முகத்தன்மை கொண்ட’ என்ற சொல்லை, கருவிக்கு எழுதிக் கொடுக்கும் ப்ராம்ப்ட்டில் சேர்ப்பது பலரின் முதல் முயற்சி. ஒற்றை மனிதரின் படத்தில் அந்தச் சொல்லுக்குப் பிடிமானமே இல்லை. ‘ஆண் அல்லாத நீதிபதி’ என்று எதிர்மறையில் எழுதுவது அதைவிட மோசம். சொற்களைப் படிக்கும் பகுதி பல கருவிகளில் மறுப்பைச் சரியாகப் பிடிப்பதில்லை, ‘ஆண்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டியதை நேராகச் சொல்வதே பலன் தரும். இருபது படங்கள் தேவையென்றால், முதலில் இருபது வரிகள் கொண்ட அட்டவணையை எழுதி, பாலினம், வயது, தோல் நிறம் ஆகியவற்றைக் குலுக்கல் முறையில் நிரப்பி, ஒவ்வொரு வரிக்கும் தனி ப்ராம்ப்ட் எழுத வேண்டும். தேர்வு அப்போது கருவியின் கையிலிருந்து நம் கைக்கு வருகிறது.

```
a judge in a courtroom, woman in her fifties, deep brown skin, grey hair, serious expression, even daylight
```

இந்த வரியில் வயதும் முகபாவமும் தேவையில்லாமல் இடம்பெறவில்லை. ‘பெண்’ என்று மட்டும் சேர்த்தால் நீதிபதி பெரும்பாலும் இருபது வயது குறைந்து, புன்னகையோடு, அலங்காரம் கூடி வந்து நிற்பார். பாலினத்தைத் திருத்திய இடத்தில் வேறொரு முன்முடிவு புகுந்துவிடுகிறது. முகத்தை மட்டும் சரிபார்த்து நிறைவடைவது, என் கணிப்பில், இந்த வேலையில் மிகுதியாக நடக்கும் தவறு. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. படம் உருவாகத் தொடங்கும் தற்செயல் புள்ளியை முடிவு செய்யும் `seed` எண்ணை மாற்றாமல், ப்ராம்ப்ட்டில் தோல் நிறச் சொல்லை மட்டும் மாற்றி இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். நிறம் மட்டும் மாறினால் நல்லது. நிறத்தோடு சேர்ந்து சுவரின் பூச்சு உரிந்தாலோ, மேலங்கி கசங்கினாலோ, கையிலிருந்த புத்தகம் காணாமல் போனாலோ, அந்தக் கருவி நிறத்தையும் வறுமையையும் ஒரே முடிச்சில் கட்டி வைத்திருக்கிறது என்று பொருள். ஒரு சோடி போதாது. பத்து சோடிகளிலாவது பார்த்த பிறகே அப்படிச் சொல்லலாம். இத்தகைய முடிச்சை அவிழ்க்க, சூழலையும் உடையையும் கூட எழுத்தில் சொல்லிவிட வேண்டியிருக்கும்.

இருவர் இடம்பெறும் படத்தில் இன்னொரு சிக்கல். ‘பெண் மருத்துவரும் ஆண் செவிலியரும்’ என்று கேட்டால், பண்புகள் இடம் மாறி மருத்துவர் ஆணாகவும் செவிலியர் பெண்ணாகவும் வருவது உண்டு. அங்கே யார் கழுத்தில் ஸ்டெதஸ்கோப், யார் அமர்ந்திருக்கிறார், யார் குறிப்பெடுக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

தோல் நிறத்தை அளப்பதில் தனித் தவறுகள் உள்ளன. ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் தோல் மருத்துவத்துக்காக, வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வகைப்படுத்த உருவானது. அதன் ஆறு வகைகளில் கரிய நிறங்களுக்கு இடம் குறைவு. சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி, கூகுள் 2022-இல் வெளியிட்ட 10 நிலை அளவுகோல் இந்த வேலைக்குப் பொருத்தமானது. எந்த அளவுகோலை எடுத்தாலும், மஞ்சள் விளக்கின் கீழும் நிழலிலும் இருக்கும் முகத்தை மதிப்பிட்டால் எண் தவறும். `dark` என்ற சொல்லே சில வேளைகளில் தோலை விட்டுவிட்டு அறையை இருட்டாக்கிவிடும். மேலே `deep brown skin` என்றும் `even daylight` என்றும் எழுதியது அதற்காகத்தான். இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, வேறுபடும் படங்களை மீண்டும் பார்ப்பது நல்லது.

எதை இலக்காகக் கொள்கிறோம் என்று முடிவு செய்யாமலே திருத்துவதும் ஒரு தவறு. தொழில் வழிகாட்டிக் கையேட்டில் சரிபாதிப் பெண்கள் இருப்பது நியாயமான விருப்பம். இன்றைய நீதிமன்றங்களைப் பற்றிய அறிக்கைக்கு உண்மை விகிதமே பொருந்தும். பழங்காலக் காட்சிக்கு அந்தக் காலத்து உண்மைதான் அளவு. இந்த வேறுபாட்டைப் பாராமல் எல்லா இடத்திலும் ஒரே திருத்தத்தைத் திணித்ததன் விளைவு 2024 பிப்ரவரியில் வெளிப்பட்டது. கூகுளின் ஜெமினி, 1943-ஆம் ஆண்டு ஜெர்மானியப் படைவீரர்களைக் கேட்டவர்களுக்குக் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் அந்தச் சீருடையில் காட்டியது. மனிதர்களின் படங்களை உருவாக்கும் வசதியையே நிறுவனம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

கருவியின் புதிய பதிப்பு வந்தால் பழைய எண்ணிக்கை செல்லாது. அட்டவணை, ப்ராம்ப்ட்டுகள், `seed` எண்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேமித்து வைத்திருந்தால், அதே சோதனையை அரை நாளில் மீண்டும் நடத்திவிடலாம்.