பம்ப் கம்பெனியில் பாதி முடிந்த சரக்குக்குக் கணக்கு எழுதும்போது வரும் தவறுகள்

வாங்கி விற்கும் கடைக்கு ஒரே சரக்குக் கணக்கு போதும். உற்பத்திக் கூடத்துக்கு மூன்று வேண்டும்: ஸ்டோர்ஸில் இருக்கும் மூலப்பொருள், லைனில் பாதி வேலையில் நிற்கும் சரக்கு, குடோனுக்குப் போய்விட்ட முடிந்த சரக்கு. ஆடிட்டர்கள் டபிள்யூஐபி என்று சொல்லும் நடுக்கணக்கில்தான் கூலியும் தொழிற்சாலை மேற்செலவும் பொருளோடு சேருகின்றன. தவறுகளில் பெரும்பங்கு நடப்பதும் அங்கேதான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் மோனோபிளாக் பம்ப் செய்யும் நடுத்தர யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரு பம்புக்கு மூலப்பொருள் ₹3,200. இதில் ₹2,800 மதிப்புள்ள காஸ்டிங், ஸ்டாம்பிங், காப்பர் ஒயர், ஷாப்ட், பேரிங் ஆகியவை வேலை தொடங்கும்போதே லைனுக்குப் போகின்றன. மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், பெயின்ட், அட்டைப்பெட்டி என மீதி ₹400 கடைசியில்தான் சேர்கிறது. ஒரு பம்புக்கு ஒன்றரை மணி நேர வேலை. கூலி மணிக்கு ₹120. மின்சாரம், கட்டிங் ஆயில் போன்ற மாறும் மேற்செலவு மணிக்கு ₹40. ஷெட் வாடகை, தேய்மானம், சூப்பர்வைசர் சம்பளம் போன்ற நிலையான மேற்செலவு மாதம் ₹6,00,000. வழக்கமான மாதத்தில் 2,000 பம்ப், அதாவது 3,000 மணி நேரம் ஓடும். எனவே நிலையான மேற்செலவு மணிக்கு ₹200.

ஆக ஒரு பம்பின் அடக்கம்: பொருள் 3,200, கூலி 180, மேற்செலவு 360, மொத்தம் ₹3,740.

இப்போது ஒரு மழை மாதம். ஆர்டர் குறைந்து 1,800 மணி நேரம்தான் வேலை நடந்தது. மாதத் தொடக்கத்தில் லைன் காலி. மாத முடிவில் 1,100 பம்ப் முடிந்து குடோனுக்குப் போயின. 200 பம்ப் லைனில் நிற்கின்றன. அவற்றுக்கு முதல்கட்டப் பொருள் முழுதும் போயிருக்கிறது, வேலை பாதி முடிந்திருக்கிறது. குடோனுக்குப் போனவற்றில் 400 விற்றாயிற்று, 700 மிச்சம்.

பம்ப் முடிந்த நாளில் பொருளைக் கழிப்பது

ஸ்டோர்ஸிலிருந்து பொருள் போகும்போது இஷ்யூ சீட்டு எழுதாமல், பம்ப் முடிந்த பிறகு ஒரு பம்புக்கான பொருள் பட்டியலை வைத்து ஒட்டுமொத்தமாகக் கழிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. காலையில் தொடங்கி மாலையில் முடியும் வேலைக்கு அது பரவாயில்லை. ஆனால் நம் லைனில் 200 பம்ப் நிற்கிறது. அவற்றுக்குள் இருக்கும் ₹5,60,000 பொருள், ஏட்டில் இன்னும் ஸ்டோர்ஸில் இருப்பதாகவே காட்டும்.

இதுவரை மொத்தச் சரக்கு மதிப்பில் பொருளளவில் கெடுதல் இல்லை. கெடுதல் மாதக் கடைசிக் கணக்கெடுப்பில் வரும். ஸ்டோர் கீப்பர் எண்ணிப் பார்ப்பார், ஸ்டாம்பிங்கும் காப்பரும் குறையும். காரணம் புரியாமல் யாரோ ‘சரக்குக் குறைவு’ என்று எழுதி நட்டத்தில் தள்ளுவார்கள். அடுத்த மாதம் அதே 200 பம்ப் முடிந்ததும் அதே பொருள் இன்னொரு முறை கழிக்கப்படும். ஒரே காப்பர் இரண்டு தடவை செலவாகிவிடும். சில ஐட்டங்களில் ஸ்டாக் மைனஸில் நிற்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வழி எளியது: முதல்கட்டப் பொருளுக்கு லைனுக்குப் போகும் நாளிலேயே சீட்டு, கடைசிக் கட்டப் பொருளுக்கு வேண்டுமானால் ஒட்டுமொத்தக் கழிவு.

கூலியை இரண்டு இடத்தில் எழுதுவது

சம்பளப் பட்டியல் போட்டதும் கூலிச் செலவு லாப நட்டக் கணக்கில் ஏறிவிடுகிறது. பிறகு உற்பத்திப் பதிவில் டபிள்யூஐபியிலும் கூலி சேர்கிறது. வரவுப் பக்கம் எதை எழுதுவது என்று தெரியாமல் ஏதோ ஒரு தற்காலிகக் கணக்கில் போட்டு வைப்பார்கள். ஆண்டு முடிவில் அங்கே லட்சக்கணக்கில் வரவு நிற்கும், யாருக்கும் விளக்கம் தெரியாது.

நடுவில் ஒரு கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு வையுங்கள். அந்த மாதக் கூலி ₹2,40,000 என்றால் அது முழுதும் முதலில் இங்கே பற்று. வேலை செய்த 1,800 மணி நேரத்துக்கு ₹2,16,000 டபிள்யூஐபிக்குப் பற்று, இந்தக் கணக்குக்கு வரவு. மிஞ்சும் ₹24,000தான் பார்க்க வேண்டிய தொகை. டீ நேரம், மெஷின் செட்டிங் போன்ற வழக்கமான இடைவேளைகளை மணிக்கூலி விகிதத்திலேயே கணக்கிட்டிருக்க வேண்டும். காஸ்டிங் வராமல் ஆட்கள் சும்மா இருந்த நேரம் என்றால் அது பம்பின் அடக்கத்தில் சேராது, நேராக நட்டத்துக்கு.

மணிக்கூலியில் பிஎஃப், இஎஸ்ஐ ஆகியவற்றில் முதலாளியின் பங்கும் போனசும் சேர வேண்டும். தீபாவளி போனசை அது கொடுத்த மாதத்தின் பம்புகள் தலையில் கட்டுவது தவறு. அது ஆண்டு முழுக்க உழைத்ததற்கான தொகை. மாதாமாதம் ஒதுக்கீடு செய்து விகிதத்தில் சேர்க்க வேண்டும்.

மந்தமான மாதத்தில் மேற்செலவை மொத்தமாக ஏற்றுவது

இதுதான் பெரிய தவறு. கணக்கு சுத்தமாக இருப்பதுபோலவே தெரியும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம். நிலையான மேற்செலவு ₹6,00,000, ஓடிய நேரம் 1,800 மணி. வகுத்தால் மணிக்கு ₹333.33. ஒரு பம்புக்கு 300 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய் ஏறுகிறது. ‘செலவான பணம்தானே, பம்பில் ஏற்றினால் என்ன?’ என்று உரிமையாளர் கேட்பார். கேள்வி நியாயமாகவே தோன்றும்.

இந்தியாவின் சரக்கு மதிப்பீட்டுத் தரநிலை ஏஎஸ் 2 அதை அனுமதிப்பதில்லை. நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பகிர வேண்டும். உற்பத்தி குறைந்ததால் ஒரு பம்பின் பங்கு கூடக் கூடாது. இங்கே 1,800 மணிக்கு ₹200 வீதம் ₹3,60,000 மட்டுமே டபிள்யூஐபிக்குப் போகும். மீதி ₹2,40,000 அந்த மாத நட்டம். தவறாக ஏற்றினால் அந்த 2,40,000 எங்கே போகும் என்று பாருங்கள். விற்ற 400 பம்பில் 80,000, குடோனில் நிற்கும் 700 பம்பில் 1,40,000, லைனில் பாதியில் நிற்கும் 200 பம்பில் 20,000. அதாவது ₹1,60,000 நட்டம் சரக்கு என்ற பெயரில் சொத்தாக ஒளிந்துகொள்கிறது. விற்காமல் எவ்வளவு அதிகம் குவிக்கிறோமோ அவ்வளவு லாபம் காட்டும் விநோதம் இதனால் வருகிறது. வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து: இல்லாத மதிப்பின் மேல் கடன் வாங்கியது போலாகிவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கோடையில் ஆர்டர் குவிந்து 3,600 மணி நேரம் ஓடினால், ₹200 விகிதத்தில் ₹7,20,000 ஏறிவிடும். செலவானதோ ஆறு லட்சம்தான். அப்போது விகிதத்தைக் குறைத்து மணிக்கு ₹166.67 என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு அடக்கத்துக்கு மேல் மதிப்பாகிவிடும். மாறும் மேற்செலவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது உண்மையில் ஆன அளவுக்கே பகிரப்படும்.

எது மேற்செலவு என்பதிலும் ஒரு கவனம். ஆபீஸ் சம்பளம், டீலர் கமிஷன், பம்பை அனுப்பும் லாரி வாடகை, முடிந்த சரக்குக் குடோன் வாடகை எதுவும் டபிள்யூஐபிக்குள் வரக் கூடாது. உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டியும் பொருள் விலையில் சேராது.

பாதிப் பம்புக்கு முழு விலை

லைனில் நிற்கும் 200 பம்பை எண்ணிவிட்டு 3,740 ஆல் பெருக்கினால் ₹7,48,000. ‘இன்னும் முடியவில்லையே’ என்று பொருளை மட்டும் எடுத்தால் ₹5,60,000. இரண்டும் தவறு. பொருளுக்கும் வேலைக்கும் தனித்தனியாக எவ்வளவு முடிந்தது என்று பார்க்க வேண்டும். பொருள் 2,800, கூலியும் மேற்செலவும் சேர்ந்த 540இல் பாதி 270, ஆக ஒரு பம்புக்கு 3,070. மொத்தம் ₹6,14,000.

சரிதானா என்று கணக்கே சொல்லும். டபிள்யூஐபியில் ஏறியது பொருள் ₹40,80,000, கூலி ₹2,16,000, மேற்செலவு ₹4,32,000, மொத்தம் ₹47,28,000. குடோனுக்கு மாற்றியது 1,100 பம்ப், ₹41,14,000. மீதி ₹6,14,000. எண்ணிப் பார்த்த மதிப்பும் ஏட்டின் மீதியும் ஒன்றே. ஒவ்வொரு மாதமும் இந்த ஒப்பீட்டைச் செய்யுங்கள். ஏட்டில் கூடுதலாக நின்றால் முடிந்த பம்புக்குப் பதிவு விடுபட்டிருக்கும், அல்லது கழிவு எழுதப்படாமல் இருக்கும். குறைவாக நின்றால் இஷ்யூ சீட்டு விடுபட்டிருக்கும். ‘பாதி’ என்ற கணிப்பை அக்கவுன்டன்ட் மேஜையிலிருந்து போடக் கூடாது. வைண்டிங் முடிந்ததா, வார்னிஷ் முடிந்ததா, அசெம்பிளியில் நிற்கிறதா என்று கட்டம் கட்டமாக எண்ணி, கட்டத்துக்கு இத்தனை சதவீதம் என்று சூப்பர்வைசரோடு ஒருமுறை தீர்மானித்து வைத்தால் போதும்.

கெட்டுப்போனதை நல்ல பம்பில் ஏற்றுவது

வைண்டிங்கில் கொஞ்சம் ஒயர் வெட்டுத் துண்டாகப் போகும். அந்த வழக்கமான கழிவு பொருள் பட்டியலிலேயே இருக்க வேண்டும். ஆனால் தவறான கேஜ் ஒயரில் 40 ஸ்டேட்டர் சுற்றி, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டது வேறு கதை. 60 கிலோ காப்பர், கிலோ ₹900 என்றால் ₹54,000. பழைய காப்பராக விற்று ₹39,000 வந்தால் ₹15,000 நட்டம். ஸ்டேட்டருக்கு ஒரு மணி நேரம் என்றால் வீணான கூலி ₹4,800. இவை இரண்டும் அந்த மாத நட்டக் கணக்குக்கு. அந்த 40 மணி நேரத்துக்கு மேற்செலவையும் டபிள்யூஐபியில் ஏற்றக் கூடாது. ஸ்கிராப் விற்ற பணத்தைத் தனி வருமானமாகக் காட்டிவிட்டு ₹54,000ஐ பம்பில் விட்டுவைப்பதும் அடிக்கடி நடக்கிறது. லாபம் இரண்டு பக்கமும் ஊதிவிடும்.

வெளியே போன சரக்கை மறப்பது

பவுடர் கோட்டிங்குக்கோ மெஷினிங்குக்கோ ஜாப் ஒர்க்கில் போன காஸ்டிங், கூடத்தில் எண்ணும்போது கண்ணில் படாது. ஆனால் அது உங்கள் சரக்குதான், டபிள்யூஐபியில் இருக்க வேண்டும். ஜாப் ஒர்க் கட்டணமும் அதன் அடக்கத்தில் சேரும். டெலிவரி சலானையும் ஜாப் ஒர்க்கர் கையெழுத்திட்ட இருப்புப் பட்டியலையும் மார்ச் 31 தேதியிட்டு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி இப்படி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்கப்பட வேண்டும். தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். பதினோராவது மாதத்தைத் தாண்டி நிற்கும் சலான்களைத் தனியாகப் பிரித்து ஸ்டோர்ஸிடம் கொடுப்பது அக்கவுன்டன்டின் வேலை.