புதன்கிழமை ஒன்றேகால் மணி: டிரேடிங் ஜர்னலில் கிழமையும் நேரமும் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு அட்டவணையைக் காட்டினார். மேலே திங்கள் முதல் வெள்ளி வரை, இடது பக்கம் ஒவ்வொரு மணி நேரமாக. லாபக் கட்டங்கள் பச்சை, நட்டக் கட்டங்கள் சிவப்பு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக் கட்டம் மட்டும் கரும்பச்சையாக மின்னியது. "அண்ணா, இனிமே வெள்ளிக்கிழமை மட்டும்தான் பெரிய குவான்டிட்டி" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே அட்டவணையை 2023 டிசம்பரில் நானும் போட்டேன். அதே பச்சையை நம்பி அடியும் வாங்கினேன். டிரேட் எழுதி வைக்க மறப்பது, நட்டத்தை மறைப்பது மாதிரி எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன். ஒழுங்காக எழுதி வைத்த பிறகும் ஏமாறும் இடங்களைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

## புரோக்கர் ஷீட்டை அப்படியே எண்ணுவது

புரோக்கர் தரும் டிரேட்புக்கில் ஒரு வரி என்பது ஒரு டிரேட் இல்லை. பல லாட்டுக்கு நீங்கள் போட்ட ஒரே ஆர்டர் நான்கு துண்டாக நிறைவேறியிருந்தால் நான்கு வரி வரும். அப்படியே எண்ணினால் ஒரே வெற்றி நான்கு வெற்றியாகிவிடும். முதலில் எல்லா வரிகளையும் சேர்த்து "ஒரு முடிவு, ஒரு டிரேட்" என்று ஆக்குங்கள்.

நேரம் என்றால் என்ட்ரி நேரம். எக்ஸிட் நேரத்தை வைத்துப் பிரித்தால் மூன்று மணி எப்போதும் மோசமாகத் தெரியும். காலையில் எடுத்துவிட்டு நாள் முழுக்க இழுத்தடித்த டிரேடுகள் எல்லாம் கடைசியில் கட்டாயமாக மூடப்படும் நேரம் அது. தப்பு நடந்தது காலை 10.50-க்கு, பழி விழுவது 3.15-க்கு.

## ரூபாயில் கணக்குப் போடுவது

கூடாது. ஸ்டாப்லாஸ் அடித்தால் எவ்வளவு போகுமோ அதை 1R என்று வைத்து, எல்லா டிரேடையும் அதில் எழுதுங்கள்.

## முப்பது கட்டத்தில் நல்லதைப் பொறுக்கி எடுப்பது

இதுதான் எனக்கு இன்னமும் எரிச்சல் தரும் தவறு. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 ஏப்ரல் முதல் நவம்பர் வரை நிஃப்டி ஆப்ஷனில் 240 டிரேட் எடுத்திருந்தேன். 9.15 முதல் 3.15 வரை ஆறு மணி நேரம், ஐந்து கிழமை, மொத்தம் முப்பது கட்டம். கட்டத்துக்குச் சராசரியாக எட்டு டிரேட். அதில் புதன்கிழமை 1.15 முதல் 2.15 வரையிலான கட்டம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. எட்டில் ஆறு வெற்றி, சராசரி டிரேடுக்கு +1.2R. என் மொத்தச் சராசரியோ பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது.

உடனே மனசு அதற்கு ஒரு கதையும் கட்டிவிட்டது. நிஃப்டியின் வார எக்ஸ்பைரி அப்போது வியாழன். புதன் மதியம் என்றால் எக்ஸ்பைரிக்கு முந்தின நாள், பிரீமியம் வேகமாகக் கரையும். கூடவே லண்டன் சந்தை திறக்கும் நேரம், அதனால் ஒரு நகர்வு வரும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் லண்டன் சந்தை நம் நேரப்படி 1.30-க்குத் திறப்பது குளிர்காலத்தில்தான். கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், நமக்கு அது 12.30. என் எட்டு மாத டேட்டாவில் ஏழு மாதம் கோடை நேரம். நான் சொன்ன காரணம் அந்தக் கட்டத்துக்கே பொருந்தவில்லை. முதலில் பச்சையைப் பார்த்துவிட்டுப் பிறகு காரணம் தேடினால் இப்படித்தான், எந்தக் கட்டத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஜனவரியிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் குவான்டிட்டியை மூன்று மடங்காக்கினேன். இரண்டு மாதத்தில் 11 டிரேட், மொத்தம் −5R. என் 1R அப்போது 2,000 ரூபாய். மூன்று மடங்கில் போனது 30,000. அந்தக் கட்டம் எட்டு மாதம் உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்ததே 19,200 ரூபாய்தான்.

அப்புறம்தான் உட்கார்ந்து அந்த எட்டு டிரேடையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முடிவுகள் இவை: 5.5, 2.1, 1.9, 1.2, 0.7, 0.2, −1, −1. அந்த 5.5-ஐ எடுத்துவிட்டால் சராசரி 1.2-லிருந்து 0.6-க்கு விழுகிறது. போதாக்குறைக்கு எட்டு டிரேடும் எட்டு புதனில் நடந்தவை அல்ல, ஐந்தே புதன்கள். ஒரு புதனில் சந்தை ஒரே பக்கம் ஓட, அதே பக்கம் மூன்று முறை ஏறியிருந்தேன். அது மூன்று சாட்சி இல்லை, ஒரே சாட்சி மூன்று முறை பேசியது.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை வேறு. எட்டில் ஆறு வெற்றி என்பது அபூர்வமே இல்லை. காசை எட்டு முறை சுண்டினால் ஆறோ அதற்கு மேலோ தலை விழ ஏறக்குறைய ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. முப்பது பேர் சுண்டினால் நான்கு பேருக்கு அப்படி விழும். அந்த நான்கு பேரில் ஒருவரைக் கூப்பிட்டு "உன் கை ராசியான கை" என்று சொல்வதைத்தான் நான் செய்தேன்.

சராசரியிலும் அதே கதைதான். என் டிரேடுகளின் முடிவு சுமார் 1.5R அளவுக்குச் சிதறும். எட்டு டிரேடின் சராசரி, திறமையே இல்லாவிட்டாலும், 0.5R மேலும் கீழும் ஆடுவது சாதாரணம். முப்பது கட்டத்தில் ஆகச் சிறந்ததை எடுத்தால் அது 1R-ஐத் தாண்டி நிற்பதுதான் வழக்கம். நான் பார்த்தது 1.2. அதாவது ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன தெரியுமோ அதுதான் எனக்குத் தெரிந்தது.

## கலைத்துப் பார்க்காமல் நம்புவது

சூத்திரம் பிடிக்காதவர்களுக்கு நேரான வழி இருக்கிறது. கிழமையையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, R நெடுவரிசையை மட்டும் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துவிடுங்கள். இப்போது எந்த முடிவுக்கும் எந்த நேரத்துக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பொய் அட்டவணையில் சிறந்த கட்டம் எவ்வளவு என்று பாருங்கள். இப்படி ஆயிரம் தடவை.

```python
import pandas as pd

df = pd.read_csv("trades.csv")   # day, slot, R

def best(d):
    g = d.groupby(["day", "slot"])["R"].agg(["mean", "count"])
    return g[g["count"] >= 5]["mean"].max()

real = best(df)
hits = 0
for i in range(1000):
    d = df.copy()
    d["R"] = df["R"].sample(frac=1).values
    if best(d) >= real:
        hits += 1
print(real, hits)
```

`hits` ஐம்பதுக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டத்தை மேலும் கவனிக்கலாம். எனக்கு வந்தது 400-ஐ ஒட்டி. பத்தில் நான்கு தடவை வெறும் குலுக்கலே என் "புதன் ரகசியத்தை" விட நல்ல கட்டத்தைக் காட்டியது.

இதிலும் ஒரு குறை உண்டு. ஒரே நாளில் ஒரே பக்கம் எடுத்த டிரேடுகளைக்கூட இது தனித்தனியாகக் கலைத்துவிடும், அதனால் உங்கள் முடிவு உள்ளதைவிடக் கொஞ்சம் பலமாகத் தெரியும். அப்படி எடுக்கும் பழக்கம் இருந்தால், ஒரு நாளில் ஒரு கட்டத்துக்குள் வரும் டிரேடுகளைச் சராசரி எடுத்து ஒரே வரியாக்கிவிட்டு ஓட்டுங்கள்.

சரி, எத்தனை டிரேட் இருந்தால் போதும்? ஒரு கட்டத்தில் நிஜமாகவே 0.3R சாதகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5R சிதறலுக்கு நடுவே அதைக் கண்ணால் பார்க்க அந்தக் கட்டத்தில் மட்டும் நூறு டிரேடாவது வேண்டும். மாதம் ஒன்று என்ற என் வேகத்தில் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். முப்பது கட்டமாக வெட்டுவதே வீண் என்று எனக்கு உறைத்தது இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான்.

## வியாழக்கிழமையை வியாழக்கிழமை என்று நினைப்பது

இந்தியச் சந்தையில் கிழமை என்பது பெரும்பாலும் எக்ஸ்பைரிக்குப் போட்ட மாறுவேஷம். நிஃப்டியின் வார எக்ஸ்பைரி 2025 ஆகஸ்ட் வரை வியாழன், செப்டம்பரிலிருந்து செவ்வாய். பேங்க் நிஃப்டியின் வார எக்ஸ்பைரி 2023 செப்டம்பரில் வியாழனிலிருந்து புதனுக்குப் போனது, 2024 நவம்பரோடு நின்றே போனது. எக்ஸ்பைரி நாள் விடுமுறையானால் அதற்கு முந்தைய வேலை நாளுக்கு நகரும்.

இந்த மாற்றங்களுக்குக் குறுக்கே இரண்டு வருஷ டேட்டாவைச் சேர்த்து "எனக்குச் செவ்வாய் சுமார்தான்" என்று சொன்னால், பாதிச் செவ்வாய்கள் எக்ஸ்பைரி நாள், மீதி இல்லை. இரண்டும் கலந்து எதையும் சொல்லாத ஒரு எண் வரும். கிழமைக்குப் பக்கத்தில் "எக்ஸ்பைரிக்கு இன்னும் எத்தனை வர்த்தக நாள்" என்று ஒரு நெடுவரிசை சேர்த்து அதை வைத்துப் பிரியுங்கள்.

## சனிக்கிழமை 100% வெற்றி

2025 பிப்ரவரி 1, பட்ஜெட்டுக்காகச் சனிக்கிழமையும் சந்தை திறந்திருந்த நாள். ஒரே டிரேட். நீக்குங்கள்.

## ஒரே டேட்டாவில் தேடி அதே டேட்டாவில் சோதிப்பது

இப்போது நான் ஒரு தடவைக்கு இரண்டு கேள்விக்கு மேல் கேட்பதில்லை. கேள்வியையும் காரணத்தையும் ஷீட்டைத் திறப்பதற்கு முன்பே தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுவேன். 2024 ஆரம்பத்தில் எழுதியவை: எக்ஸ்பைரி நாளுக்கும் மற்ற நாளுக்கும் வித்தியாசம் உண்டா? முதல் அரை மணி நேரம் மற்ற நேரத்தைவிட மோசமா? இரண்டாவதுக்குக் காரணமும் இருந்தது. திறந்தவுடன் விலை ஆடும் ஆட்டத்துக்கு என் ஸ்டாப்லாஸ் ரொம்ப நெருக்கம்.

எக்ஸ்பைரி கேள்வியில் ஒன்றும் தேறவில்லை. 9.15 முதல் 9.45 வரை 2024-ல் 118 டிரேட், சராசரி −0.27R. அதை உடனே நம்பாமல், 2025 முழுக்க அந்த நேரத்தில் ஒரே லாட் மட்டும் வைத்து ஓட்டினேன். 96 டிரேட், −0.22R. இரண்டு தனித்தனி வருஷம், ஒரே பக்கம், முன்பே எழுதி வைத்த காரணம். இப்போது 9.45 வரை ஸ்கிரீனைப் பார்ப்பதோடு சரி, ஆர்டர் போடுவதில்லை. நாளைக்கே ஸ்டாப்லாஸை வைக்கும் முறையை மாற்றினால் இந்த எண்கள் செல்லாது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

தம்பியின் வெள்ளிக்கிழமைக் கட்டத்தையும் திறந்து பார்த்தோம். ஆறு டிரேட். அதில் நான்கு ஒரே ஆர்டரின் துண்டுகள்.