கடையைப் புதுப்பிக்க மூடுகிறீர்களா? அறிவிப்பில் இந்தத் தவறுகள் வேண்டாம்

சுங்கை சிப்புட்டில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்ட தங்கச்சி ஒருத்தி, தரை மாற்றுவதற்காக மூடப்போவதாக வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு அனுப்பினாள். படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 7 ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதும் கிட்டத்தட்ட இதேதான். தேதியை மறப்பது, எழுத்துப்பிழை விடுவது பற்றியெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

"பதிவு செய்தவர்கள் எங்களைத் தொடர்பு கொள்ளவும்"

இந்த ஒரு வரிதான் இன்றும் எனக்கு எரிச்சல். பணிவாகத் தெரியும். ஆனால் முன்பணம் கட்டியவரிடம், "உன் வேலையை நீயே கேட்டுத் தெரிந்துகொள்" என்று சொல்வதுதான் அது.

அந்த வருடம் மார்கழியில் மூடினேன். கல்யாணம் இருக்காதே என்ற கணக்கு. டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை என்று எழுதி, கடைசியில் இந்த வரியையும் சேர்த்து எல்லாருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிட்டேன். புத்தகத்தில் 23 பேரின் வேலை இருந்தது. அழைத்தவர்கள் 6 பேர். மற்றவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பலருக்குச் செய்தியே போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். புது வாடிக்கையாளர் எத்தனை பேர் தையல்காரி எண்ணைச் சேமிக்கிறார்கள்?

கடை வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரும் சொன்ன நாளில் முடிக்கவில்லை. ஜனவரி 12, தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகளின் கல்யாண ரவிக்கையை வாங்க பஸ் ஏறி வந்திருக்கிறார். ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே சிமெண்டுத் தூசி. மகளின் பட்டுச்சேலை அந்தத் தூசிக்குள் கிடக்கிறது என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டார். சேலை என் வீட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பணத்தையும் சேலையையும் வாங்கிக்கொண்டு ஈப்போவில் வேறொருவரிடம் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் இன்னும் 5 பேருக்குத் தைக்க வேண்டியிருந்தது. அதுவும் போனது.

இப்போது, பொது அறிவிப்புக்கு ஒரு வாரம் முன்பே புத்தகத்தைத் திறந்து மூன்றாகப் பிரிக்கிறேன். மூடுவதற்குள் கொடுத்துவிடக்கூடியவை, மூடியிருக்கும்போது கொடுக்க வேண்டியவை, திறந்த முதல் 10 நாளில் கொடுக்க வேண்டியவை. ஆபத்து மூன்றாவதில்தான். வேலை இழுத்தால் முதலில் அடிபடுவது அவர்கள். அதனால் அவற்றையும் இரண்டாவதோடு சேர்த்து வீட்டில் வைத்துத் தைத்துவிடுவேன். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக:

"அக்கா, வணக்கம். ரசீது 214, உங்கள் 3 ரவிக்கையும் பட்டுச்சேலையும் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. கடையில் தரை மாற்றுவதால் டிசம்பர் 20 முதல் மூடியிருக்கும். உங்கள் துணி சொன்னபடி ஜனவரி 8 தயார், கூலியில் மாற்றமில்லை. வீட்டுக்கு வந்து வாங்கலாம், இல்லை நானே கொண்டுவந்து தருகிறேன். வேண்டாம் என்றால் முன்பணம் 100 வெள்ளி முழுதாகத் திரும்பும். நாளை மாலை நானே அழைக்கிறேன்."

பொருள் எங்கே, எப்போது கிடைக்கும், பணம் என்னாகும். இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரியையும் விடாதீர்கள், அழைப்பது நம் வேலை. கடைசி ஆளிடமும் பேசி முடித்த பிறகுதான் பொது அறிவிப்பு.

குத்தகையாளர் சொன்ன தேதியை அப்படியே எழுதுவது

3 வாரம் என்றால் நான் 5 வாரம் என்று போடுவேன். சீக்கிரம் திறந்தால் யாரும் கோபிப்பதில்லை. சீனப் பெருநாள் நெருங்கினால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள், தரை ஓட்டுக் கடையே மூடியிருக்கும்.

"முன்பணம் திருப்பித் தரப்படாது"

மூடுவது நாம். எழுதாதீர்கள்.

கைப்பேசியை மட்டும் நம்புவது

தோட்டத்துப் பாட்டிகள் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு டவுனுக்கு வருவதில்லை. ஷட்டரில் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், எண்ணோடு. மழையில் மை கரையும், பிளாஸ்டிக் உறை போடுங்கள். பக்கத்து மளிகைக்கடை அண்ணனிடமும் சொல்லி வையுங்கள், எல்லாரும் முதலில் அவரைத்தான் கேட்பார்கள்.

கூகுள் வரைபடம்

தற்காலிகமாக மூடியதாகக் குறியுங்கள். "நிரந்தரமாக" என்பதும் அங்கேயே இருக்கிறது, அவசரத்தில் அதைத் தட்டிவிடாதீர்கள். அந்தத் தங்கச்சி அதைத்தான் தட்டியிருந்தாள்.