ஆய்வேடு ஒன்று, கட்டுரை இரண்டு: எதை வெட்டினேன், எதை வைத்தேன்

என் எம்.எஸ்சி ஆய்வேடு 118 பக்கம். தர்மபுரி மாவட்டத்தில் 42 கிணறுகளின் நீரை எடுத்து, எதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று மழைக்கு முன்னும் பின்னும் அளந்தேன். அது நான்காம் அத்தியாயம். படிகாரக் கரைசலில் ஊறவைத்த புளியங்கொட்டைக் கரியால் அந்த ஃபுளோரைடை எடுக்க முடிகிறதா என்று லேபில் பார்த்தது ஐந்தாம் அத்தியாயம். வைவா முடிந்த கையோடு "ரெண்டு பேப்பர் வரும்யா இதுல" என்றார் கைடு. எப்படி வரும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் செய்தது இதுதான்: 42 கிணற்றைக் கிழக்கே 21, மேற்கே 21 என்று பிரித்தேன். இரண்டு கட்டுரை, இரண்டு ஜர்னல். இந்த விஷயத்தை எழுதுகிறவர்களும் படித்துப் பார்க்கிறவர்களும் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டும் ஒரே ரிவ்யூவரிடம் போய்ச் சேர்ந்தன. "இவை ஒரே கட்டுரையின் இரண்டு துண்டுகள்" என்று அவர் எழுத, இரண்டு எடிட்டர்களும் ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஒரே கேள்வி, ஒரே முறை, பாதிப் பாதித் தரவு என்று நறுக்குவதைச் சலாமி வெட்டு என்பார்கள். எனக்கு அந்தப் பெயரே திரும்பி வந்த பிறகுதான் தெரியும்.

இரண்டாம் முறை செய்ததைப் படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: ஆய்வேட்டைத் திறக்காமல் இரண்டு வரி

கோப்பைத் திறந்தால் அத்தியாயங்கள் கண்ணில் படும், கை தானாக அத்தியாயப்படி வெட்டும். அதனால் மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் எழுதுங்கள். என்னுடையவை:

கிணற்றுக் கட்டுரை: பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் மட்டும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுவது ஏன்? கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் தாண்டுகிறது.

கரிக் கட்டுரை: வடிநீரில் நன்றாக வேலை செய்யும் கரி, கிணற்று நீரில் மங்கிப்போவது ஏன்? அதே பைகார்பனேட் பி.எச்.சை உயர்த்துகிறது, கரியின் மேல் இடத்துக்கும் போட்டி போடுகிறது.

இப்போது ஒரு சோதனை. ஒரு கட்டுரையின் பதிலைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மற்றதன் பதில் அப்போதும் நிற்கிறதா? என்னுடையவை நின்றன. கிழக்கு, மேற்கு என்று பிரித்ததில் இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தது. அதுதான் நோய்.

படி 2: படங்களுக்கும் அட்டவணைகளுக்கும் வீடு பார்ப்பது

எழுத்தைப் பங்கு போடாதீர்கள், படங்களையும் அட்டவணைகளையும் பங்கு போடுங்கள். என்னிடம் 31 இருந்தன. ஒவ்வொன்றையும் சின்னதாக அச்செடுத்து, கத்தரித்துத் தரையில் பரப்பினேன். இதற்கென்று விதவிதமான மென்பொருள் உண்டு, இரண்டைப் போட்டும் பார்த்தேன். பெட்டிகளுக்கு நிறம் கொடுப்பதிலேயே ஒரு மாலை போய்விட்டது. கத்தரியும் தரையும் போதும்.

மூன்று குவியல்: கிணறு, கரி, வீட்டுக்கே போ. மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்க வேண்டும். எனக்கு அதில் 17 விழுந்தன.

நிலத்தடி நீர் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். கையில் அயனித் தரவு வந்ததும் பைப்பர் படம், கிப்ஸ் படம், வில்காக்ஸ் படம், சோடியம் உறிஞ்சு விகிதம், கெல்லி விகிதம் என்று மென்பொருள் தருவதையெல்லாம் போட்டுவிடுவோம். பாதிக்கு மேல் அந்த நீர் பாசனத்துக்கு ஆகுமா என்று பார்ப்பவை. என் கேள்வி பாசனம் பற்றியதே இல்லை. வில்காக்ஸ் படம் போட ஒரு ராத்திரி உட்கார்ந்தேன் என்பது அதை வைத்துக்கொள்ள ஒரு காரணம் ஆகாது. பைப்பர் மட்டும் தங்கியது, ஏனென்றால் சோடியம் பைகார்பனேட் வகை நீர் என்று காட்ட அது வேண்டும். அதோடு கால்சியத்துக்கு எதிராக ஃபுளோரைடைப் போட்ட ஒரு சாதாரணப் புள்ளிப் படம். ஆய்வேட்டில் அது 74-ஆம் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்தது. கட்டுரையில் அதுவே நடுநாயகம். கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்துவிடும், அதற்கு மேல் ஏற முடியாது. கால்சியமோ முன்னமே சுண்ணாம்பாகப் படிந்து போய்விட்டால் தடுக்க ஆளில்லை, பாறையிலிருந்து கரைகிற ஃபுளோரைடு நீரிலேயே நின்றுவிடும். முழுக் கட்டுரையும் இந்த ஒரு படத்தை விளக்குவதுதான்.

படி 3: இரண்டு பக்கமும் கேட்கிற அட்டவணை

நான் தடுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

42 கிணற்று அட்டவணை இரண்டு குவியலுக்கும் வேண்டியிருந்தது. கரியைச் சோதித்த நீர் அதில் மூன்று கிணறுகளிலிருந்து வந்தது. வாசகருக்கு வசதி என்று நினைத்து இரண்டு கட்டுரையிலும் முழு அட்டவணையையும் வைத்தேன். ஆய்வகத்தில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பேரு ஒரே டேட்டாவை ரெண்டு தடவை பப்ளிஷ் பண்றது" என்றார். மேற்கோள் காட்டாமல் சொந்தத் தரவை மறுபடி புதிது போலக் கொடுப்பதும் குற்றமே.

சரி, அந்த மூன்று வரிசையை மட்டும் கரிக் கட்டுரையில் வைத்து, மீதியை மேற்கோளாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் ஃபீல்டு நோட்டைப் பார்த்தேன். கணக்கெடுப்புக்கு மழைக்குப் பின் நீர் எடுத்தது டிசம்பரில். கரிச் சோதனைக்கு 20 லிட்டர் கேனில் அதே கிணறுகளில் நீர் பிடித்து வந்தது பிப்ரவரியில். கேன் நீரைத் தனியாகவும் அளந்து வைத்திருந்தேன்! ஆனால் ஆய்வேட்டில் சோம்பேறித்தனமாக டிசம்பர் எண்ணையே ஐந்தாம் அத்தியாயத்துக்கும் போட்டிருந்தேன். ஒரு கிணற்றில் டிசம்பரில் 3.1, கேனில் 3.4. கரி எவ்வளவு எடுத்தது என்ற கணக்கு ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால், அந்தக் கிணற்றின் கணக்குகள் எல்லாமே கொஞ்சம் தப்பு.

ஆக, கரிக் கட்டுரையின் முதல் அட்டவணை கேன் நீரின் சொந்த அளவுகள். 42 கிணற்று அட்டவணை கிணற்றுக் கட்டுரைக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மேற்கோள் வரி. உங்களுக்கும் பங்கிட முடியாத அட்டவணை ஒன்று இருந்தால், முதலில் நோட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஒரே தரவு என்று நாம் நினைப்பது சிலசமயம் இரண்டு தரவு.

படி 4: புதுக் கோப்பில் எழுதுவது

ஆய்வேட்டுக் கோப்பை நகலெடுத்து அதிலிருந்து வெட்ட ஆரம்பிக்காதீர்கள். அப்படிச் செய்தால் 'முந்தைய அத்தியாயத்தில் கண்டவாறு' என்ற வாக்கியம் எங்காவது உட்கார்ந்திருக்கும், எனக்கு இரண்டு இருந்தன. வெற்றுக் கோப்பு, முதலில் படங்கள், படங்களுக்கு நடுவே எழுத்து. மேற்கோள்களுக்கு ஜொடேரோ. இலவசம், ஆய்வேட்டின் தொகுப்பிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி அடுக்கு பிரித்துக்கொள்ளலாம்.

இலக்கிய மீளாய்வு என்ற 38 பக்க அத்தியாயம் கிணற்றுக் கட்டுரையில் நான்கு பத்தி ஆனது, கரிக் கட்டுரையில் மூன்று. எப்படிச் சுருக்கினேன் என்றால், சுருக்கவில்லை. 'ஃபுளோரின் ஒரு ஹாலஜன் தனிமம்' என்று தொடங்கும் பகுதியை அப்படியே விட்டேன். படி 1-இல் எழுதிய கேள்விக்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் புதிதாக எழுதினேன்.

செய்முறைப் பகுதியில் ஒரு சிக்கல் வரும். ஃபுளோரைடை இரண்டிலும் ஒரே மின்முனையால்தான் அளந்தேன், வேறு எப்படி எழுதுவது? கிணற்றுக் கட்டுரையில் முழுதாக எழுதினேன். மற்றதில் மூன்று வரி, கூடவே மேற்கோள். செய்முறை வரிகள் கொஞ்சம் ஒத்துப்போனால் பெரும்பாலான எடிட்டர்கள் விட்டுவிடுவார்கள். முடிவுகளிலும் விவாதத்திலும் ஒத்துப்போனால் விடமாட்டார்கள்.

படி 5: எதை முதலில் அனுப்புவது

மேற்கோளாக நிற்கப்போவதை முதலில். எனக்கு அது கிணறு. கரிக் கட்டுரையை அனுப்பும்போது கிணற்றுக் கட்டுரை இன்னும் பரிசீலனையில் இருந்தது. அதனால் எடிட்டருக்கான கடிதத்தில் மூன்று விஷயம் சொன்னேன்: இது என் முதுகலை ஆய்வேட்டிலிருந்து வந்தது, அதே ஆய்வேட்டிலிருந்து இன்னொரு கட்டுரை இன்ன ஜர்னலில் இருக்கிறது, இரண்டின் கேள்விகளும் இப்படி வேறுபடுகின்றன. கிணற்றுக் கட்டுரையின் பிரதியையும் இணைத்தேன். கிணற்று எடிட்டருக்கும் அதேபோல் ஒரு மெயில். எடிட்டர் தானாகக் கண்டுபிடித்தால் திருட்டு, நாமே சொன்னால் தகவல்.

பின்சேர்க்கை 1. ஒப்புமைச் சோதனையில் 41 சதவீதம் காட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகம் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றியிருந்தால் அதுவே மூலமாக வந்து நிற்கும். அறிக்கையைத் திறந்து, எந்த மூலம் எவ்வளவு என்று பாருங்கள். முழுவதும் சொந்த ஆய்வேடு என்றால் கடிதத்தில் ஒரு வரி சொன்னால் பெரும்பாலும் போதும். ஆனாலும் விவாதப் பகுதியை மறுபடி எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2. ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, என் ஆய்வேட்டில் ஒரே ஒரு பரிசோதனைதான், மூன்று வெப்பநிலையில் செய்தேன். இரண்டாக்கலாமா?" வேண்டாம்மா. வெப்பநிலைக்கு ஒரு கட்டுரை என்று போனால் என் கிழக்கு, மேற்குக் கதைதான். ஒன்றையே நன்றாக எழுதுங்கள்.

பின்சேர்க்கை 3. கரிக் கட்டுரைக்கு ரிவ்யூவர் கேட்ட முதல் கேள்வி நான் வெட்டிய ஒன்றைப் பற்றியதுதான். படிகாரம் பூசிய கரியிலிருந்து நீருக்குள் அலுமினியம் இறங்குகிறதா என்றார். ஐ.எஸ். 10500 தரப்படி குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு நீரே இல்லாத இடத்தில் 0.2 வரை போகலாம். அதை அளந்த அட்டவணை பின்னிணைப்பில் இருந்ததால், பின்னிணைப்புதானே என்று 'வீட்டுக்கே போ' குவியலில் போட்டிருந்தேன். கத்தரித்த தாள்களைக் குப்பையில் போடாமல் ஒரு ஷூ பெட்டியில் வைத்திருந்ததால் அன்று மாலையே பதில் அனுப்ப முடிந்தது.