கடலடிப் படத்தில் வெண்புள்ளிகளை நீக்குதல்: மீன்குஞ்சையும் மிதவை உயிரையும் இழக்காத வழி

நீரோடியைத் தாண்டிப் பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம், கோவளம் என நீளும் கரையோரத்தில், கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களில் முங்கிப் படம் எடுப்பவர்களுக்கு, தண்ணீர் முழுத் தெளிவாகக் கிடைக்கும் நாள்கள் குறைவுதான். ஐப்பசி மழையில் நெய்யாறு கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் ஒருபுறமும், பாறையில் சிப்பி எடுக்க முங்குபவர்கள் கிளப்பிவிடும் தூசி மறுபுறமும் சேர்ந்து, ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் முழுவதும் வெண்புள்ளிகளாகத் தெறித்துக் கிடக்கும். ஃபிளாஷின் ஒளி மீனைச் சென்று சேரும் முன்பே, லென்ஸுக்கு அருகில் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்பிவிடுவதே இதற்குக் காரணம். இதைப் பின்சிதறல் என்பார்கள்.

இப்புள்ளிகளை அழிப்பது கடினமன்று. கணினியில் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். ஆனால் அதே சொடுக்கில், தூசி அளவே இருக்கும் மீன்குஞ்சும் மிதவை உயிரும் காணாமற் போய்விடும் என்பதுதான் சிக்கல். எது தூசி, எது உயிர் என்று பிரித்தறியும் வேலையே இதில் பெரும்பகுதி. ஆகையால் இந்த விளக்கத்திலும் அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் GIMP 2.10 மென்பொருளைக் கொண்டு விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக 6000 × 4000 பிக்சல் கொண்ட ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் கீழே பாறை இடுக்கில் ஒரு கலவா மீன் நிற்கிறது. இடப்பக்கம் மேலே நீலத் தண்ணீர் விரிந்திருக்கிறது. நடுவில் ஒரு மீன்குஞ்சுக் கூட்டம். ஒவ்வொரு குஞ்சும் ஏறத்தாழ 30 பிக்சல் நீளம். அதற்குச் சற்று மேலே, கண்ணாடி போன்ற உடல்கொண்ட ஒரு சீப்பு ஜெல்லி மிதக்கிறது. இடப்பக்க ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருந்ததால் அந்தப் பக்கம் முழுவதும் புள்ளிகள்.

முதலில்: கூர்மை கூட்ட வேண்டாம்

படத்தைத் திறந்ததும் .xcf கோப்பாக ஒரு பிரதி சேமித்துக்கொள்ளுங்கள். வண்ணச் சமநிலையைச் சரிசெய்யலாம். ஆனால் கூர்மை, கான்ட்ராஸ்ட், மூட்டம் நீக்கல் ஆகிய எதையும் இப்போது தொட வேண்டாம். இவை புள்ளிகளின் விளிம்பைக் கூர்மையாக்கி, குவியத்துக்கு வெளியே இருக்கும் தூசியையும் குவியத்தில் இருக்கும் உயிரைப் போலக் காட்டிவிடும். அதேபோல இரைச்சல் நீக்கும் வசதியையும் தவிர்க்கவும், ஏனெனில் சிறு குஞ்சுகளின் கண்களை அது முதலிலேயே கரைத்துவிடும்.

எது தூசி, எது உயிர்

விசைப்பலகையில் `1` என்னும் விசையை அழுத்தினால் படம் 100% அளவில் தெரியும். இந்த அளவில்தான் முடிவெடுக்க வேண்டும், சுருக்கிப் பார்த்து ஒருபோதும் முடிவெடுக்கக் கூடாது.

லென்ஸுக்கு அருகில் உள்ள துகள் குவியத்தில் இராது. ஆகவே அது ஓரம் மங்கிய வட்டமாக விழும். நடு மங்கலாகவும் விளிம்பு சற்று வெளிச்சமாகவும் உள்ள வட்டங்களையும் காணலாம். எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் எந்த அமைப்பும் இருக்காது என்பதே அதன் அடையாளம். உயிருக்கு ஏதாவதோர் அமைப்பு இருக்கும். நமது படத்தில் உள்ள சீப்பு ஜெல்லியைப் பாருங்கள். சீப்பு ஜெல்லியின் உடலில் எட்டு வரிசைச் சீப்புத் தகடுகள் ஓடும். அவற்றுள் இரண்டு மூன்றாவது ஒளிக்கோடுகளாகப் படத்தில் தெரியும். தூசி வட்டத்துக்குள் அத்தகைய கோடு ஒருபோதும் வராது.

மீன்குஞ்சுகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இளங்குஞ்சின் உடல் நிறமற்று ஊடுருவித் தெரிவதால், கண்ணும் வெள்ளி நிறக் குடல்பகுதியும் மட்டும் இரண்டு தனிப் புள்ளிகளாகப் படத்தில் நிற்கும். இப்படி இரட்டைப் புள்ளி ஒன்று தென்பட்டால் அதன் அருகில் அதே இடைவெளியில், அதே சாய்வில் இன்னோர் இரட்டைப் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். கூட்டமாகச் செல்லும் குஞ்சுகள் பெரும்பாலும் ஒரே திசை நோக்கி நிற்கும். தூசிக்குத் திசை கிடையாது.

ஐயம் நீங்காத இடத்தில் சிவப்பு வண்ணத்தை மட்டும் பார்ப்பது நல்ல சோதனை. `Channels` பலகத்தில் `Green`, `Blue` இரண்டின் கண் குறியையும் அணைத்துவிடுங்கள். தண்ணீர் சிவப்பு ஒளியை விரைவாக உறிஞ்சிவிடுவதால், சூரிய ஒளி மட்டும் படும் தொலைவு மீன்கள் இதில் இருண்டு போகும். ஃபிளாஷ் ஒளி பட்ட அருகுத் துகள்களோ பளிச்சென்று எரியும். ஆனால் இச்சோதனை சொல்வது, அந்தப் பொருள் ஃபிளாஷுக்கு அருகில் இருந்தது என்பதை மட்டுமே. லென்ஸுக்கு முன்னால் வந்த மிதவை உயிரும் சிவப்பில் எரியும். எனவே சிவப்பில் இருண்டதை அழிக்காமல் விடலாம். எரிவதை எல்லாம் தூசி என்று கொள்ள முடியாது.

இவற்றைவிட நம்பகமான சாட்சி அடுத்தடுத்து எடுத்த படங்கள்தான். அதே காட்சியின் முந்தைய, பிந்தைய படங்களை அருகில் வைத்துப் பாருங்கள். ஒரு புள்ளி எல்லாப் படங்களிலும் சட்டத்தின் அதே இடத்தில் நின்றால், அது லென்ஸ் கண்ணாடியில் ஒட்டிய குமிழோ சென்சார் அழுக்கோ ஆகும். பாறையோடு சேர்ந்தே நகர்ந்தால் அது பாறையில் வாழும் ஏதோ ஒன்று, தொடக்கூடாது. குஞ்சுக் கூட்டமாயின் வடிவம் குலையாமல் இடம் மாறியிருக்கும். தூசி ஒவ்வொரு படத்திலும் புதிதாகச் சிதறிக் கிடக்கும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. அகன்ற கோணத்தில் எடுத்த படத்தில் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள கோபிபாட் என்னும் மிதவை உயிர் சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடும். அதையும் மண்துகளையும் அந்தப் படத்தைக் கொண்டு யாராலும் பிரிக்க இயலாது. அழகுக்காக மட்டும் திருத்துகிறீர்கள் என்றால் அழித்துக்கொள்ளலாம். பதிவுக்காக என்றால் விட்டுவிடுங்கள்.

கண்டறிந்த உயிர்களைச் சுற்றி, புதிய வெற்று லேயர் ஒன்றில் பச்சை நிறத்தால் வட்டம் போட்டு வையுங்கள். நமது படத்தில் குஞ்சுக் கூட்டம் முழுவதற்கும் ஒரு வட்டம், ஜெல்லிக்கு ஒன்று, கலவாவின் தலைக்கும் உடலுக்கும் ஒன்று. கலவாவின் உடலிலும் வெளிறிய புள்ளிகள் இருக்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்டவெளித் தண்ணீரைத் துப்புரவாக்குதல்

பச்சை வட்ட லேயரை மறைத்துவிட்டு, மூலப் படத்தின் லேயரை `Layer > Duplicate Layer` மூலம் இரட்டிக்கவும். மேல் லேயரில் `Filters > Blur > Median Blur` திறக்கவும். `Radius` எவ்வளவு என்பதை ஊகித்து வைக்காமல், நீக்க வேண்டிய புள்ளியை அளந்து வையுங்கள். ஒரு பிக்சலைச் சுற்றியுள்ள வட்டத்தில் நடுமதிப்பு எதுவோ அதையே இவ்வடிகட்டி எடுத்துக்கொள்ளும். ஆகவே அவ்வட்டத்தின் பரப்பில் பாதிக்கும் குறைவாகப் புள்ளி இருந்தால்தான் அது மறையும். புள்ளியின் குறுக்களவையே `Radius` ஆக வைத்தால் போதுமான இடைவெளி கிடைக்கும். நமது படத்தில் பெரும்பாலான புள்ளிகள் 12 பிக்சல் குறுக்களவு. ஆகவே 12 என்று வைக்கிறோம். 100 பிக்சல் அகலமுள்ள பெரிய வட்டங்களுக்காக இதை உயர்த்த வேண்டாம், அவற்றுக்கு வேறு வழி உண்டு.

அடுத்து அந்த லேயரின் `Mode` என்பதை `Darken only` ஆக்குங்கள். இதனால் மங்கலாக்கிய லேயர், அடியில் இருப்பதைவிட இருண்ட இடத்தில் மட்டும் வேலை செய்யும். தண்ணீரைவிட வெளிச்சமான புள்ளிகள் மறையும், இருண்ட நிழலுருவாகத் தெரியும் தொலைவு மீன்கள் அப்படியே நிற்கும். வெள்ளியாக மின்னும் குஞ்சுகளோ இதிலும் தப்பாது. அதனால் `Layer > Mask > Add Layer Mask` சென்று `Black (full transparency)` தேர்ந்தெடுங்கள். படம் பழையபடி ஆகிவிடும். இப்போது ஓரம் மென்மையான பிரஷில் வெள்ளை நிறம் எடுத்து, பச்சை லேயரை அவ்வப்போது காட்டிப் பார்த்தபடி, வட்டங்களுக்கு வெளியே மட்டும் மாஸ்க்கில் பூசுங்கள். தவறிப் பூசிய இடத்தில் கறுப்பைப் பூசினால் குஞ்சு திரும்பி வந்துவிடும். அழிப்பானுக்குப் பதில் மாஸ்க்கை நான் வலியுறுத்துவது இதற்காகவே.

பூசிய இடம் மெழுகு தடவியதுபோல் வழவழப்பாகத் தெரிந்தால், படத்தின் இயல்பான மணல்தன்மையில் வெளிச்சமான பாதியை `Darken only` வெட்டிவிட்டது என்று பொருள். அப்போது தண்ணீர் முழுவதையும் பூசுவதை விடுத்து, புள்ளிகளின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டுப் பூசுவதே முறை. நேரம் பிடிக்கும், ஆனால் பூசிய தடம் தெரியாது.

உயிரை ஒட்டிய புள்ளிகள்

பச்சை வட்டங்களுக்குள் கையால்தான் வேலை செய்ய வேண்டும். பச்சை லேயரை மறைத்துவிட்டு `Layer > New from Visible` கொடுத்து, வரும் புதிய லேயரில் `Heal` கருவியை எடுங்கள். பிரஷ், புள்ளியைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். `Ctrl` விசையை அழுத்தியபடி அருகிலுள்ள தூய தண்ணீரைச் சொடுக்கி, பிறகு புள்ளியைச் சொடுக்கவும். மீனின் விளிம்பை ஒட்டிய புள்ளியாயின் மூலத்தைத் தண்ணீரில் எடுக்காமல், அதே விளிம்பின் வேறோர் இடத்தில் எடுக்க வேண்டும். இல்லையேல் துடுப்பின் ஓரம் கரைந்து, யாரோ கடித்ததுபோல் தெரியும்.

கலவாவின் முகத்தின் மேல் விழுந்திருக்கும் பெரிய மங்கல் வட்டத்தை `Heal` கொண்டு தொடாதீர்கள். அவ்வாறு செய்தால் செதில்களை நீங்களே வரைந்தது போலாகும். அந்த வட்டம் மீனை முழுமையாக மறைக்கவில்லை. அதன்மேல் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவே. கூட்டியதைக் கழித்தால் அடியிலுள்ள செதில்கள் வெளிவரும். `Ellipse Select` கருவியில் `Feather edges` இயக்கி, வட்டத்தைச் சுற்றித் தேர்வு செய்து, `Colors > Levels` திறந்து, `Input Levels` இல் இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தைச் சிறிது சிறிதாக வலப்பக்கம் நகர்த்துங்கள். சுற்றியுள்ள தோலோடு இருள் ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்தவும். நிறம் மாறித் தெரிந்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியே இவ்வாறு சரிசெய்யலாம். வட்டம் முழு வெள்ளையாக எரிந்திருந்தால் அடியில் மீட்க எதுவும் இருக்காது. அதை இருக்கவிடுவதே நேர்மையானது.

அழித்தது என்ன என்று பார்த்தல்

முடிந்ததும் மூலப் படத்தை இன்னொரு முறை இரட்டித்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, `Mode` என்பதை `Difference` ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும், நீங்கள் நீக்கியவை மட்டும் ஒளிரும். மங்கலாக இருந்தால் `Layer > New from Visible` கொடுத்து, அந்தப் பிரதியில் `Levels` கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஒளிர்பவை சிதறிய வட்டங்களாக மட்டும் இருக்க வேண்டும். இரட்டைப் புள்ளி, ஒரே திசையில் சாய்ந்த கீற்றுகள், இணைக்கோடுகள், வால் போன்ற நீட்சி என ஏதேனும் தெரிந்தால் அந்த இடத்தை மூலப் படத்தில் மீண்டும் 100% அளவில் பாருங்கள். உயிர்தான் என்று உறுதியானால் மாஸ்க்கில் கறுப்பைப் பூசி அதை மீட்டு, `Heal` வேலைக்காக எடுத்த `New from Visible` லேயரையும் அந்த இடத்தில் மாஸ்க் கொண்டு மறைத்துவிடுங்கள்.

சோதனை லேயர்களை நீக்கியபின் கூர்மையைக் கூட்டலாம். வெளியிடும் பிரதியை `File > Export As` மூலம் தனிப் பெயரில் சேமியுங்கள். மீன் இனங்களைப் பதிவு செய்பவர்கள் யாரேனும் உங்களிடம் படம் கேட்டால், திருத்திய பிரதியோடு கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.