சரக்கு மதிப்பில் ஒளிந்திருந்த சும்மா நின்ற மெஷின் செலவு

ஒரு உற்பத்தி நிறுவனத்தின் ஆண்டுத் தணிக்கை. சரக்கை ஸ்டாண்டர்டு காஸ்டில், அதாவது முன்கூட்டியே நிர்ணயித்த செலவில் வைத்துவிட்டு, நிஜச் செலவு அதைவிடக் கூடியதால் வந்த 22 லட்சம் பாதக வேறுபாட்டை ஆண்டு முடிவில் ஒரே வரியில் காட்டியிருந்தார்கள். அந்த ஆண்டு செய்த சரக்கில் 20 சதவீதம் கையிருப்பில் இருந்ததால், 4.4 லட்சத்தைச் சரக்கு மதிப்பில் ஏற்றியிருந்தார்கள். கணக்கு சரி, ஆனால் 22 லட்சத்துக்குள் என்ன இருக்கிறது?

பிரித்துக் கேட்டேன். 7 லட்சம் மூலப்பொருள் விலை வேறுபாடு. சப்ளையர் பில்களைப் பார்த்தால் ஆண்டு முழுக்க விலை உயர்ந்தே இருந்தது, ஸ்டாண்டர்டுதான் பழசு. அதன் பங்கு 1.4 லட்சம் சரக்கில் இருப்பது நியாயம்.

மீதி 15 லட்சம்தான் விவகாரம். உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலையான மேல்செலவு 50 லட்சம், வழக்கமான உற்பத்தித் திறன் ஒரு லட்சம் யூனிட், ஆக யூனிட்டுக்கு 50. ஆனால் ஆர்டர் குறைந்து 70,000 யூனிட்தான் செய்தார்கள். அதனால் 35 லட்சம்தான் செய்த யூனிட்களின் செலவில் ஏறியது, அதாவது உட்கிரகிக்கப்பட்டது. ஏறாமல் நின்றதுதான் அந்த 15 லட்சம்.

“சார், செலவு நிஜமாகவே ஆனதுதானே?” என்றார் கணக்கு மேலாளர். ஆனதுதான். ஆனால் சரக்கு மதிப்புக்கான சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஏஎஸ் 2 படி, குறைந்த உற்பத்தியால் உட்கிரகிக்கப்படாத நிலையான மேல்செலவு அந்தக் காலத்துச் செலவு, சரக்கில் ஏறாது. ஒரு லட்சம் என்பது சும்மா போட்ட எண்ணா என்று முந்தைய ஆண்டுகளின் உற்பத்திப் பதிவேட்டோடு ஒப்பிட்டேன், பொருந்தியது. அப்புறம் அந்த 15 லட்சத்தின் 20 சதவீதமான 3 லட்சத்தைச் சரக்கிலிருந்து எடுத்து லாப நட்டக் கணக்குக்கு மாற்றினார்கள்.